கதை முடிச்சைக் கடன் வாங்குதல்: படைப்பிலக்கியத் தாள் ஒப்படைப்பு குறித்து மாணவர்கள் கேட்டவையும் பதில்களும்

“தெரிந்த ஒரு கதையின் முடிச்சை எடுத்து உங்கள் ஊரில் வைத்து எழுதுங்கள்” என்று நீங்களே சொல்கிறீர்கள். அதுவே காப்பி அடிப்பதுதானே, ஐயா?

முடிச்சை எடுப்பது மட்டும் காப்பி ஆகாது. ஆகுமென்றால் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் தேரழுந்தூரில் பிறந்த கம்பரைத்தான் முதலில் விசாரிக்க வேண்டியிருக்கும். அவர் எடுத்துக்கொண்டது பிறர் சொன்ன கதை. பாத்திரங்களின் பெயர்கள்கூட அவருடையவை அல்ல. ஆனால் மிதிலைத் தெருவில் இராமனும் மாடத்தில் நின்ற சீதையும் திருமணத்துக்கு முன்பே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது வால்மீகியில் இல்லை. இராவணன் சீதையைத் தொடாமல் குடிலை நிலத்தோடு பெயர்த்தெடுத்துப் போவதும், இரணியன் கதைக்கென்று தனியாக ஒரு படலம் அமைவதும் கம்பர் செய்துகொண்டவையே. முதல் மாற்றத்தால் காதல் வில்லுக்கு முந்திவிடுகிறது. அதன் பிறகு வில் முறியும் ஓசை ஒரு வீரச் செயலின் முடிவாக மட்டும் கேட்பதில்லை, காத்திருந்த ஒரு பெண்ணின் கவலை முடிவதாகவும் கேட்கிறது. ஓர் இடத்தில் செய்த மாற்றம் அடுத்தடுத்த இடங்களின் பொருளையும் மாற்றுவதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும்.

இதற்கு நம் இலக்கணத்திலேயே பெயர் இருக்கிறது. நன்னூல் நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரித்து, வழிநூல் என்பது முன்னோர் நூலின் முடிபோடு ஒத்து, ‘பின்னோன் வேண்டும் விகற்பம்’ கூறுவது என்கிறது. ஒப்படைப்பைத் திருத்தும்போது நான் தேடுவது அந்த விகற்பத்தைத்தான். பின்னால் வந்தவர் தமக்கு வேண்டிய வேறுபாட்டை ஏதேனும் ஓரிடத்தில் செய்தாரா என்பதும், அந்த வேறுபாடு கதையின் மற்ற பகுதிகளை அசைத்ததா என்பதுமே என் கேள்விகள்.

எனக்குப் பத்துக்கு நான்கு மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள். தொழிலை மாற்றினேன், ஊரை மாற்றினேன், எல்லாப் பெயர்களையும் மாற்றினேன். ஒரு வாக்கியத்தைக்கூட அப்படியே எடுக்கவில்லை. பிறகு என்ன குறை?

இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவியின் அனுமதியோடு, அவருடைய பெயரை விட்டுவிட்டு, அவர் கதையையே எடுத்துக்கொள்கிறேன். வகுப்பில் மூலமாகக் கொடுத்தது நான் எழுதிய ஒரு சிறுகதை. பிறர் கதையைக் கொடுத்தால் அதில் எதை ஆசிரியர் யோசித்துத் தேர்ந்தார், எது தானாக வந்து விழுந்தது என்று ஊகிக்க மட்டுமே முடியும். என் கதை என்றால் எனக்குத் தெரியும்.

மூலக்கதை இதுதான். ஒரு சிறு நகரத்துத் தையற்காரரின் மகன் பதினொரு வயதில் வீட்டை விட்டுப் போய்விடுகிறான். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஊராரின் துணிகளையெல்லாம் தைத்து முடித்த பிறகு, நள்ளிரவில், மகனுக்கு இந்நேரம் என்ன அளவு இருக்கும் என்று நினைத்து அவர் ஒரு சட்டை தைக்கிறார். அளவுக்காக அடுத்த வீட்டில் இருக்கும் அதே வயதுப் பையனை நிற்க வைத்து நாடா பிடிக்கிறார். மனைவி ஒரு நாள் பெட்டியைத் திறந்து ஒன்பது சட்டைகளை எண்ணுகிறாள். அவற்றை அநாதை இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று அவள் சொல்ல, சண்டை வருகிறது. அடுத்த வீட்டுப் பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட, அவருக்கு அளவு பார்க்க ஆள் இல்லாமல் போகிறது. பிறகு ஓர் இளைஞன் சட்டைக் கையைக் குறைத்துத் தரச் சொல்லி வருகிறான். அவனுடைய இடது தோள் சற்றே தாழ்ந்திருக்கிறது, மகனுக்கும் அப்படித்தான். ஆனால் வந்தவன் மகன் இல்லை. அந்த ஆண்டுச் சட்டையை அவர் தம் அளவுக்கே தைத்துப் போட்டுக்கொள்கிறார்.

மாணவி எழுதிய முதல் வடிவத்தில் தையற்காரர் நரசிங்கம்பேட்டையில் நாயனம் செய்பவராகிறார். மகன் பதினொரு வயதில் போகிறான். ஆண்டுக்கு ஒரு நாயனம் செய்து வைக்கிறார். அடுத்த வீட்டுப் பையனின் விரல்களை அளந்து பார்க்கிறார். மனைவி பெட்டியைத் திறந்து ஒன்பது நாயனங்களை எண்ணுகிறாள். கோயிலுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறாள், சண்டை. பையன் திருப்பூருக்குப் போகிறான். நாயனத்தைச் சரிபார்க்க ஓர் இளைஞன் வருகிறான், இடது தோள் தாழ்ந்திருக்கிறது, மகன் இல்லை. கடைசி நாயனத்தை அவரே எடுத்து ஊதுகிறார்.

இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது, ஒரு வாக்கியமும் பொதுவாக இல்லாமலேயே, ஏழு நிகழ்ச்சிகளும் அதே வரிசையில் நிற்பது தெரிகிறது. ஆனாலும் நான் மதிப்பெண்ணைக் குறைத்ததற்கு அந்த எண்ணிக்கை மட்டும் காரணமில்லை. எடுத்து நட்ட நாற்று புது மண்ணில் வேர் பிடிக்காமல் நின்ற இடங்கள் மூன்று இருந்தன, அவையே காரணம்.

முதலாவது, சட்டை உடம்போடு வளர வேண்டியது. அதனால் ஒன்பது ஆண்டுக்கு ஒன்பது சட்டை என்பதில் நியாயம் இருக்கிறது. நாயனம் அப்படி ஆண்டுக்கு ஆண்டு அளவு கூடுவதில்லை. பிறகு ஒன்பது நாயனம் எதற்கு? பையனின் விரலை எதற்கு அளக்க வேண்டும்? இரண்டாவது, தாழ்ந்த தோளைக் கண்டுபிடிப்பது தையற்காரரின் கண். நாயனம் செய்கிறவர், வந்தவனின் விரல்கள் துளைகளில் எப்படி அமர்கின்றன, சீவாளியை உதட்டில் எப்படி வைக்கிறான் என்றல்லவா பார்ப்பார்? மூன்றாவது, திருப்பூர். கையால் சட்டை தைக்கும் மனிதர் அளவு பார்த்துவந்த பையன், ஆயிரக்கணக்கில் ஆடை தைக்கும் ஊருக்கே போய்விடுகிறான் என்பதற்காகத்தான் அந்த ஊரை வைத்தேன். நாயனக் கதையில் அது வெறும் பேருந்து நிறுத்தத்தின் பெயராகக் கிடக்கிறது. கோயம்புத்தூர் என்று மாற்றினாலும் எதுவும் குறையாது.

கடன் வாங்கிய கதை காப்பியாகிவிட்டதை இப்படித்தான் நான் கண்டுகொள்கிறேன். மூலத்தில் காரணத்தோடு வேலை செய்த ஒரு விவரம், புதிய கதையில் காரணமில்லாமல் வந்து நிற்கும். எழுதியவர் தம் பாத்திரத்தின் தொழிலைப் பார்த்து எழுதவில்லை, மூலத்தின் பக்கத்தைப் பார்த்து எழுதினார் என்று அந்த விவரமே சொல்லிவிடும்.

பிறகு அந்தக் கதை என்னவாயிற்று? திருத்தி எழுத வாய்ப்புக் கொடுத்தீர்களா?

கொடுத்தேன். ஒரே ஒரு நிபந்தனை: மூலக்கதையை வீட்டில் வைத்துவிட்டு நரசிங்கம்பேட்டைக்குப் போய் ஒரு பகல் முழுவதும் பட்டறையில் உட்கார்ந்து வர வேண்டும். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில்தான் அந்த ஊர் இருக்கிறது. பேருந்துச் செலவு பெரிதில்லை.

மாணவி இரண்டு செய்திகளோடு திரும்பி வந்தார். நாயனத்துக்கு ஆச்சா மரம் வேண்டும், அதுவும் பழைய மரமாக இருக்க வேண்டும் என்பதால் இடிக்கிற வீடுகளின் உத்தரத்தையும் தூணையும் தேடி வாங்குகிறார்கள் என்பது ஒன்று. செய்து முடித்த நாயனத்தில் சீவாளியைச் செருகிச் சுரங்கள் சரியாக வருகின்றனவா என்று செய்தவரே ஊதிப் பார்க்கிறார் என்பது மற்றொன்று. சீவாளி என்பது காவிரிக் கரையில் வளரும் நாணல் வகைத் தட்டையில் செய்வது. வாயில் வைத்து ஈரப்படுத்தினால்தான் ஊத வரும்.

அவருடைய இரண்டாம் வடிவத்தில் ஒன்பது நாயனங்களைக் காணோம். ஒரே ஒரு நாயனம்தான் இருந்தது. மகன் பாடம் தொடங்கிய ஆண்டில், இடித்த பாட்டன் வீட்டின் தூணிலிருந்து தந்தை கடைந்தது அது. மகன் போய்விட்டான். தந்தைக்கு ராகம் வாசிக்கத் தெரியாது. செய்கிறவர் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு ஏழு சுரங்களை ஏற்றி இறக்க மட்டும் தெரியும். தினமும் அந்திப் பொழுதில் அந்த ஏழு சுரங்களை மட்டும் ஊதிவிட்டு உறையில் இடுகிறார். தையற்காரரின் துயரம் பெட்டிக்குள் மடித்து வைத்த துயரம்; மனைவி திறந்தால்தான் வெளியே தெரியும். நாயனக்காரரின் துயரத்தையோ தெருவே தினம் கேட்கிறது. ஆறு மணி ஆயிற்று என்று அடுப்பை மூட்டுவதற்கு அதை அடையாளமாக வைத்துக்கொண்ட பெண்கள்கூட அந்தத் தெருவில் இருக்கிறார்கள். திருவிழாவுக்கு வாசிக்க வந்த ஒரு வித்துவான் அந்த ஒலியைக் கேட்டு, அந்த நாயனமே வேண்டும் என்கிறார். தந்தை கொடுத்துவிட்டுச் சீவாளியை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறார். இரவு சுவாமி புறப்பாட்டில் தம் வீட்டுத் தூண் ஒரு ராகத்தை வாசிப்பதைத் திண்ணையிலிருந்து கேட்கிறார்.

போன பிள்ளைக்காகப் பொருள் செய்து வைக்கும் தந்தை என்ற முடிச்சு அப்படியே இருக்கிறது. மூலத்தைப் படித்த எவரும் உறவைக் கண்டுகொள்வார்கள். ஆனால் பெட்டி, எண்ணிக்கை, அளவு, அடுத்த வீட்டுப் பையன், தோள் எல்லாம் தாமாகவே உதிர்ந்துவிட்டன. துயரம் கண்ணுக்குத் தெரிவதிலிருந்து காதுக்குக் கேட்பதாக மாறியவுடன் அவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இந்த வடிவத்துக்கு எட்டு மதிப்பெண் கொடுத்தேன். வித்துவான் வந்து வாங்கிப்போகும் முடிவு எனக்கு இன்றும் சற்று வசதியாகவே படுகிறது. இரண்டு மதிப்பெண் அதற்காகக் குறைந்ததே தவிர, காப்பிக்காக அல்ல.

ஒரே முடிச்சை எடுத்தால் சில காட்சிகள் ஒத்துத்தான் போகும். எது தவிர்க்க முடியாதது, எது திருடியது என்று எப்படிப் பிரிப்பது?

பிள்ளையைப் பிரிந்த வீடு என்றால் பெற்றோருக்குள் ஒருமுறையாவது சண்டை வரத்தான் செய்யும். அந்தச் சண்டை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் சட்டைகள் ஒன்பது என்பதும், மகன் போனபோது வயது பதினொன்று என்பதும் நான் வைத்தவை. பத்து என்றும் பதின்மூன்று என்றும் வைத்திருக்கலாம். முடிச்சிலிருந்து பிறக்கும் ஒற்றுமையை மன்னிக்கலாம். வேறு எப்படியும் இருந்திருக்கக்கூடிய சிறு தேர்வுகள் ஒத்துப்போகும்போதுதான் கேள்வி எழும்.

ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்பவர்கள் இதை நெடுநாளாக அறிவார்கள். இரண்டு சுவடிகளில் சரியான பாடம் ஒன்றாக இருப்பது அவற்றின் உறவுக்குச் சான்றாகாது. இரண்டும் மூலத்துக்கு உண்மையாக இருக்கலாம். ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால்தான், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது, அல்லது இரண்டும் ஒரே ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டன என்று சொல்லத் துணிவார்கள். திருப்பூர் நாயனக் கதைக்குள் வந்தது அப்படிப்பட்ட ஒரு பிழைதான்.

சட்டமும் ஏறக்குறைய இந்தக் கோட்டிலேயே நடக்கிறது. ஆர். ஜி. ஆனந்த் என்பவர் மாகாண வேற்றுமையை வைத்துத் தாம் எழுதிய நாடகத்தை ஓர் இந்தித் திரைப்படம் நகலெடுத்ததாகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-இல் தீர்ப்பளித்தது. கருத்து, கருப்பொருள், கதை முடிச்சு, வரலாற்றுச் செய்தி, புராணச் செய்தி ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை. அவற்றை வெளிப்படுத்திய வடிவத்துக்கும் முறைக்கும் அடுக்குக்குமே உரிமை உண்டு என்றது. மூலம் ஒன்றாக இருக்கும்போது ஒற்றுமைகள் தோன்றுவது இயல்பு என்பதையும் ஏற்றுக்கொண்டது. இரண்டையும் பார்த்தவருக்குப் பின்னது முன்னதன் நகலே என்ற ஐயமற்ற எண்ணம் உண்டாகிறதா என்பதே அது வைத்த முக்கியமான சோதனை. இருவேறு இனத்துக் குடும்பங்களும் அவற்றிடையே ஒரு காதலும் இரண்டிலும் இருந்தன. ஆயினும் வாடகைக்கு வீடு கொடுப்பதில் காட்டும் பாகுபாடு, வரதட்சணை என்று நாடகத்தில் இல்லாதவற்றைப் படம் சேர்த்திருந்தது. வழக்குத் தொடுத்தவர் வெல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு, நீதிமன்றமே விட்டுவிடுகிறது, நீங்கள் ஏன் பிடிக்கிறீர்கள் என்று ஒரு மாணவர் கேட்டார். நீதிமன்றம் இழப்பீடு தர வேண்டுமா என்று பார்க்கிறது. நான் நீங்கள் எழுதக் கற்றுக்கொண்டீர்களா என்று பார்க்கிறேன். என் கோடு இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் இருக்கும்.

வாக்கியத்தில் எல்லாச் சொற்களையும் மாற்றிவிட்டால் அது என் வாக்கியம்தானே?

மூலக்கதையில், ‘அவர் சட்டையை மடித்த விதத்தில் ஒரு குழந்தையைத் தூங்கவைக்கும் பக்குவம் இருந்தது’ என்று ஒரு வரி உண்டு. ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: ‘அவர் நாயனத்தை உறையில் இட்ட முறையில் ஒரு பிள்ளையை உறங்கச் செய்யும் நிதானம் தெரிந்தது.’ விதம் முறையாயிற்று, குழந்தை பிள்ளையாயிற்று, தூக்கம் உறக்கமாயிற்று. தமிழில் ஒருபொருட் பலசொற்கள் தாராளமாக இருப்பதால் இந்த வேலை நமக்கு எளிது. நிகண்டு மனப்பாடமாக இருந்தவர்களுக்கு இன்னும் எளிதாக இருந்திருக்கும். ஆனால் அந்த வரியில் எழுதியவரின் உழைப்பு எங்கே இருந்தது? மடிப்பதைத் தாலாட்டோடு சேர்த்துப் பார்த்ததில் இருந்தது. அந்தச் சேர்க்கையை அப்படியே எடுத்துக்கொண்டு சொற்களை மட்டும் மாற்றியது நகல்தான். நேரே மேற்கோளாக எடுப்பதைவிட இதை நான் கடுமையாகப் பார்க்கிறேன், ஏனெனில் இதில் மறைக்கும் எண்ணமும் சேர்ந்திருக்கிறது.

முன்னோர் மொழியையும் பொன்னைப்போல் போற்றுவோம் என்று நன்னூலே சொல்கிறதே, ஐயா?

நல்ல கேள்வி, விகற்பத்துக்கு நான் நன்னூலைக் காட்டினால், நீங்கள் அதே நூலைக் காட்டி என்னை மடக்குவதில் தவறில்லை. முன்னோர் சொன்ன பொருளை மட்டுமின்றி அவர்கள் சொல்லையும் எடுத்தாளலாம் என்றுதான் அந்தச் சூத்திரம் இடம் தருகிறது. ஆனால் அது இலக்கண நூலில் பழைய சூத்திரத்தை எடுத்து வைப்பது பற்றியது. அந்நூலைப் பாடம் கேட்கிறவருக்குத் தொல்காப்பியச் சூத்திரம் எது என்று தெரியும். எடுத்தது எல்லார் கண்ணிலும் படும்படி எடுக்கப்பட்டது. உங்கள் ஒப்படைப்பில் வாசகர் அந்த வரியை உங்களுடையது என்று நம்பிப் பாராட்டினால் நிலைமை வேறாகிவிடுகிறது.

தி. ஜானகிராமனைப் போல எழுதிப் பார்க்கலாமா? அவர் நம் பக்கத்துக்காரர் என்பதால் கேட்கிறேன்.

தாராளமாக எழுதிப் பார்க்கலாம். மன்னார்குடிக்கு அருகில் பிறந்தவர் என்பதற்காக மட்டுமல்ல, பேச்சாலேயே கதையை நகர்த்தும் வித்தையை அவரிடம் கற்பதுபோல் வேறு பலரிடம் கற்க முடியாது என்பதற்காகவும். நடைக்கு உரிமையாளர் கிடையாது. வாக்கியத்தின் நீளம், கதை சொல்பவர் எவ்வளவு விலகி நிற்கிறார், ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் இடையில் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பவை பழக்கங்கள், பழக்கத்தைக் கற்கலாம்.

நான் கொடுக்கும் பயிற்சி இதுதான். ஒரு பக்கத்தை எடுத்து, அதில் எத்தனை வரி பேச்சு, எத்தனை வரி வருணனை என்று எண்ணுங்கள். பேசியவர் யார் என்று சொல்லாமலேயே எத்தனை இடங்களில் நமக்குப் புரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, உங்கள் வீட்டில் நேற்று நடந்த ஒரு பேச்சை அதே விகிதத்தில் எழுதுங்கள்.

கற்றது பழக்கமா பண்டமா என்று கண்டுபிடிப்பது பெரும்பாலும் சுலபம். நாகப்பட்டினத்து மீனவக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு மாணவர் நடைப் பயிற்சி எழுதிக் கொண்டுவந்தார். அவர் கதையில் வந்த அனைவரும் அக்ரகாரத்துத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு சங்கீதம் பேசினார்கள். அவருடைய அப்பா விடியலில் கரை திரும்பும்போது அம்மாவோடு பேசும் நாலு வார்த்தையை எழுதச் சொன்னேன். அதில் திண்ணையும் இல்லை, தம்புராவும் இல்லை. ஆனால் பேச்சுக்கு நடுவே விட்ட மௌனங்களை அவர் நன்றாகவே கற்றிருந்தது தெரிந்தது. முதல் பக்கத்தில் அவர் எடுத்தது ஓர் எழுத்தாளரின் உலகம். இரண்டாவதில் எடுத்தது அவருடைய காது.

ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். 3 சதவீதம்தான் காட்டியது. அது போதாதா?

அந்த மென்பொருள் சொற்றொடர்களை ஒப்பிடுகிறது. நாயனக் கதையின் முதல் வடிவத்தை அதில் போட்டிருந்தால் ஒன்றுமே காட்டியிருக்காது, ஏனெனில் அங்கே எடுக்கப்பட்டது வரிசையே தவிர வரிகள் அல்ல. மூலம் இணையத்தில் இல்லாத பழைய இதழ்க் கதையாக இருந்தால் வரிக்கு வரி எடுத்திருந்தாலும் தப்பிவிடலாம்.

10 சதவீதம் வரை தண்டனை இல்லை என்று பலர் சொல்வது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளிலிருந்து வந்தது. அவை ஆய்வேடு, ஆய்வுக் கட்டுரை, நூல் போன்றவற்றுக்கானவை. வகுப்பு ஒப்படைப்புகளை அந்த விதிமுறைகளே விலக்கி வைக்கின்றன. கதைக்கு அந்தச் சதவீதக் கணக்கைப் பொருத்துவது, நெல்லை முழம் போட்டு அளப்பதைப் போன்றது.

ஆசிரியர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்றால் எப்படி வேண்டுமானாலும் எடுக்கலாமா?

நம் நாட்டில் பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்கும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். அதன் பிறகு யாரும் அச்சிடலாம், தழுவலாம். ஆனால் அப்போதும் அவர் எழுதியது அவர் எழுதியதுதான். உங்கள் பெயரைப் போட்டால் சட்டம் கேட்காமல் இருக்கலாம், நான் கேட்பேன்.

நாட்டுப்புறக் கதைகளும் தலபுராணங்களும் பொது. திருவாரூரில் கன்றை இழந்த பசு மணியடித்த கதையை யாரும் எழுதலாம். ஆண்டுதோறும் நாலைந்து பேராவது பசுவின் பார்வையில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள், இனி தேர்ச்சக்கரத்தின் பார்வை வந்தால் நன்றாயிருக்கும். ஆயினும் ஒருவர் தொகுத்துத் தம் நடையில் எழுதிய நாட்டுப்புறக் கதை நூலிலிருந்து எடுத்தால், கதை ஊருக்குச் சொந்தம், அந்த வாக்கியங்கள் தொகுத்தவருக்குச் சொந்தம் என்பதை மறக்க வேண்டாம்.

நான் படித்ததே நினைவில்லை, தானாக வந்தது என்று ஒருவர் சொன்னால் நம்புவீர்களா?

பல நேரங்களில் நம்புகிறேன். ஹெலன் கெல்லர் பதினொரு வயதில் எழுதிய ஒரு கதை அச்சான பிறகு, அது மார்கரெட் கான்பி என்பவர் முன்பே எழுதிய கதையோடு மிகவும் ஒத்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. சிறுமியாக இருந்தபோது அந்தக் கதை அவருக்குக் கையில் எழுதிக் காட்டப்பட்டிருக்கிறது. அவருக்கு அது நினைவில்லை. பெரியவர்கள் கூடி அவரை விசாரித்தார்கள். கேட்டது எது, தாம் நினைத்தது எது என்ற குழப்பம் பின்னாளிலும் தம்மை விடவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

ஆகவே நான் உள்நோக்கத்தை விசாரிப்பதில்லை, கைப்பிரதியைக் கேட்கிறேன். தானாக வளர்ந்த கதைக்கு அடித்தல் திருத்தல் இருக்கும். முதலில் வைத்த வயது மாறியிருக்கும், ஒரு பாத்திரம் பாதியில் காணாமல் போயிருக்கும். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தடுமாறாமல் வந்த பிரதியைக் கண்டால் உட்கார வைத்துப் பேசுவேன். உண்மையிலேயே நினைவிலிருந்து வந்திருந்தால், மூலத்தைக் காட்டியவுடன் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அவருக்குத் தண்டனை இல்லை. மூலத்தைக் குறிப்பிடச் சொல்லி, இன்னொரு கதை எழுதச் சொல்வேன்.

மூலத்தைக் கதையோடு எப்படிக் குறிப்பிட வேண்டும்? நீளமாக எழுத வேண்டுமா?

இரண்டு வரி போதும், கதையின் அடியில். எங்கிருந்து எடுத்தீர்கள், எதை எடுத்தீர்கள், எதை மாற்றினீர்கள் என்ற மூன்றும் அதில் இருந்தால் சரி. நாயனக் கதையின் இரண்டாம் வடிவத்தின் கீழே மாணவி எழுதியது இவ்வளவுதான்: ‘போன மகனுக்காகத் தந்தை பொருள் செய்து வைக்கும் முடிச்சு வகுப்பில் கொடுத்த தையற்காரர் கதையிலிருந்து எடுத்தது. தொழிலும் நிகழ்ச்சிகளும் முடிவும் என்னுடையவை.’

‘தாக்கத்தால் எழுதியது’ என்று மட்டும் எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. அதை நான் ஏற்பதில்லை, எதன் தாக்கம், எந்த இடத்தில் என்று அதில் ஒன்றும் தெரிவதில்லை. குறிப்பு எழுதுவது கதையின் மதிப்பைக் குறைக்கும் என்று தயங்குகிறவர்களுக்குக் கம்பரின் பாயிரத்தைக் காட்டுவேன். வடமொழியில் இக்கதையைச் செய்தவர் மூவர் என்றும், அவர்களுள் ‘முந்திய நாவினான் உரையின்படி’ தாம் தமிழில் பாடுவதாகவும் அவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறார்.